ஜூன் 27, மாலை ஆறு மணி

தேர்வு எழுதியாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று, முடிவு மட்டும் வரவில்லை. அந்த நிலையில் பல்கலைக்கழகத்துக்கு என்ன எழுதுவது?

என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்துக்கு முதல் மெயிலை அனுப்பியது ஒரு சனிக்கிழமை இரவு, பதினொன்றே முக்கால் மணிக்கு. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 12 அன்று, அவளைத் தேர்ந்தெடுத்திருந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. ஜூலை 7 பணியில் சேர வேண்டும். அதற்கு முன், ஜூன் 27 மாலை 6 மணிக்குள், கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையோ தற்காலிகப் பட்டச் சான்றிதழையோ நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் ஆஃபர் தானாகவே காலாவதியாகிவிடும். இவளுக்குத் தேர்வு முடிந்தது மே 9. முடிவு வரவில்லை. எப்போது வரும் என்று கல்லூரியில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். "மெயில் போட்டேன் சித்தப்பா, மூணு நாளா பதிலே இல்ல" என்றாள். போனை வாங்கிப் படித்தேன். பொருள் என்ற இடத்தில் "மிக அவசரம், தயவுசெய்து உதவுங்கள்" என்று இருந்தது. உள்ளே ஐந்து பத்தி. அப்பாவின் லாரிக் கடன், தம்பியின் படிப்பு, வீட்டில் முதல் பட்டதாரி தான்தான் என்பது, இந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது. ஒவ்வொரு வரியும் உண்மை. படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் அந்த ஐந்து பத்தியில் அவளுடைய பதிவு எண் இல்லை. எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி என்பதும் இல்லை. போய்ச் சேர்ந்த முகவரி பல்கலைக்கழக இணையதளத்தின் அடியில் இருக்கும் பொது முகவரி. கேட்டிருந்த உதவியும் ஒன்றே ஒன்றுதான்: "என் ரிசல்ட்டை உடனே வெளியிடுங்கள்."

அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் அந்த மெயிலைப் படிக்கிற யாரிடமும் கிடையாது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் இப்படிப்பட்ட மெயில்கள் தேர்வுப் பிரிவுகளில் வந்து குவிகின்றன. பெரும்பாலானவை கேட்கக் கூடாததைக் கேட்டு, கேட்க வேண்டியதை விட்டுவிடுகின்றன.

இணைப்புக் கல்லூரிகள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முடிவு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டுகள் மையங்களிலிருந்து கிளம்புகின்றன. பதிவு எண் மறைக்கப்பட்டு, அந்த இடத்தில் டம்மி நம்பரோ பார்கோடோ வருகிறது. பிறகு மதிப்பீட்டு முகாம். கல்லூரி ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இத்தனை என்ற கணக்கில் திருத்துகிறார்கள். மதிப்பெண்கள் கணினியில் ஏறுகின்றன. மறைத்த எண் மீண்டும் பதிவு எண்ணோடு சேர்க்கப்படுகிறது. கல்லூரி அனுப்பிய அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் அதோடு கூடுகின்றன. கடைசியில் முடிவுகளை ஏற்கும் குழு கூடி ஒப்புதல் தந்த பிறகே இணையத்தில் வெளியாகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றாலும் மொத்தமும் நின்றுவிடும். பாடப்பிரிவுக்கு ஐந்து தாள் என்றால், நான்கைத் திருத்தி முடித்தும் பயனில்லை. குறைவான கல்லூரிகளில் மட்டும் நடத்தும் விருப்பப்பாடம் ஒன்றுக்கு ஆசிரியர் போதவில்லை என்றால், அந்த ஒரு தாளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் ஒருத்தியின் முடிவை மட்டும் உருவி எடுத்துக் கையில் கொடுக்க அதிகாரிக்கு வழியே இல்லை. மதிப்பெண் இன்னும் பிறக்கவே இல்லை.

இது எவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்பதற்கு மும்பைப் பல்கலைக்கழகத்தில் 2017-இல் நடந்தது சாட்சி. 1857-இல் சென்னை, கொல்கத்தா பல்கலைக்கழகங்களோடு தொடங்கிய பழைய நிறுவனம் அது. அந்த ஆண்டுதான் எல்லா விடைத்தாளையும் ஸ்கேன் செய்து கணினித் திரையிலேயே திருத்துவது என்று ஒரே தாவலில் முடிவெடுத்தார்கள். ஏறத்தாழ 17 லட்சம் விடைத்தாள்கள். ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, ஸ்கேன் வேலை பின்தங்கியது, திரையில் ஏற வேண்டிய தாள்கள் மாறிப் போயின. மகாராஷ்டிரப் பல்கலைக்கழகச் சட்டம் தேர்வு முடிந்து 45 நாளுக்குள் முடிவு வர வேண்டும் என்கிறது. வேந்தரான ஆளுநரே தலையிட்டு ஜூலை 31 என்று கெடு வைத்தார். அந்தக் கெடுவும் தவறியது. சில பாடப்பிரிவுகளுக்குச் செப்டம்பர் வரை இழுத்தது. மேல்படிப்புக்கு இடம் கிடைத்தவர்களும் வேலை கிடைத்தவர்களும் கையில் ஒரு தாளும் இல்லாமல் அலைந்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவி நீக்கப்பட்டார்.

ஆளுநரின் கெடுவே தவறிய இடத்தில் ஒரு மாணவியின் மெயில் முடிவை முன்னே இழுத்து வராது. இதைச் சொன்னதும் அண்ணன் மகளின் முகம் வாடிவிட்டது. "அப்ப எழுதுறதே வேஸ்ட்டா?" என்று கேட்டாள். வேஸ்ட் இல்லை. முடிவைத் தர முடியாத அதிகாரியால் வேறொன்றைத் தர முடியும்: முடிவு இன்னும் வரவில்லை என்பதற்கான எழுத்து. அலுவலகங்களில் அதை முடிவு நிலுவைச் சான்று என்பார்கள், சில இடங்களில் வெறுமனே "லெட்டர்" என்பார்கள். இந்த மாணவி எல்லாத் தாளும் எழுதியிருக்கிறார், முந்தைய செமஸ்டர்களில் அரியர் இல்லை, மதிப்பீடு நடந்துகொண்டிருக்கிறது, முடிவு இந்த வாக்கில் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. நான்கே வாக்கியம். அதற்கு முகாம் முடிய வேண்டியதில்லை, குழு கூட வேண்டியதில்லை. கோப்பில் இருக்கும் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வட இந்தியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இன்னொரு வழியும் உண்டு. தனிப்பட்ட முடிவு தயாராகி, அறிவிப்பு மட்டும் பாக்கி என்றால், 'ரகசிய முடிவு' என்று உறையில் போட்டு வேலை கொடுப்பவருக்கே நேராக அனுப்புகிறார்கள். நம் பக்கம் பொதுவாகக் கேட்டுப் பெறக்கூடியது நிலுவைச் சான்றுதான்.

ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். முடிவு எல்லோருக்கும் வரவில்லையா, உங்களுக்கு மட்டும் வரவில்லையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தீர்க்கும் இடமோ முற்றிலும் வேறு.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு போன் உங்கள் வகுப்புத் தோழிக்கு, இன்னொன்று அதே பாடப்பிரிவில் வேறு கல்லூரியில் படிக்கும் ஒருவருக்கு. இருவருக்குமே வரவில்லை என்றால் மதிப்பீடு தாமதம். நிலுவைச் சான்று கேட்க வேண்டிய கட்டம் இதுதான். வேறு கல்லூரிக்கு வந்து உங்கள் கல்லூரிக்கு மட்டும் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் கல்லூரி வாசலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பாடத்தின் அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏறியிருக்காது, செய்முறைத் தேர்வுப் பட்டியல் போயிருக்காது, கல்லூரி கட்ட வேண்டிய கட்டணம் ஏதாவது நிற்கும். அப்போது பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதால் ஒரு வாரம்தான் வீணாகும். முதல்வர் அறைக்கும் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கும் நேரில் போக வேண்டும்.

வகுப்பில் எல்லோருக்கும் வந்து, உங்களுக்கு மட்டும் 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று திரையில் வந்தால் அது தனி வழக்கு. தேர்வுக் கட்டணம் பதிவாகாமல் போயிருக்கலாம். பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருக்கலாம். தேர்வு எழுதியும் 'வரவில்லை' என்று பதிவாகியிருக்கலாம். இந்தக் கடைசி வகைதான் மாணவர்களை அதிகம் பதற வைப்பது. அதற்குச் சாட்சி தேர்வறை வருகைத் தாள். அதில் உங்கள் கையெழுத்தும், பொதுவாக நீங்கள் எழுதிய விடைத்தாளின் எண்ணும் இருக்கும். "இன்ன தேதி, இன்ன வேளை, இன்ன மையத்தில் எழுதினேன், வருகைத் தாளைச் சரிபார்க்கவும்" என்று எழுதினால் அதிகாரி எந்தக் கட்டைப் பிரிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். "நான் நிச்சயமாக எழுதினேன் சார், நம்புங்கள்" என்று எழுதினால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

எங்கள் விஷயத்தில் இரண்டு போனிலும் ஒரே பதில். யாருக்கும் வரவில்லை. ஆக, மதிப்பீடு தாமதம்தான்.

அன்று மாலையே இரண்டாவது மெயிலை எழுத உட்கார்ந்தோம். அனுப்ப வேண்டிய முகவரி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். நகல், கல்லூரி முதல்வருக்கு. அவளிடம் சொன்னேன்: "அந்த ஆபீஸ்ல உன் மெயிலை பிரின்ட் எடுப்பாங்க. தபால்ல ஒரு நம்பர் போடுவாங்க. உன் காலேஜைப் பார்க்குற செக்‌ஷனுக்கு அனுப்புவாங்க. அங்க ஒருத்தர் சீட்ல உட்கார்ந்து, உன் ரெஜிஸ்டர் நம்பரை அடிச்சுப் பார்ப்பாங்க. அவங்களுக்கு எழுதுற மாதிரி எழுது." இணைப்புப் பல்கலைக்கழகம் என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். பாடப்பிரிவும் கல்லூரியும் தெரியாத மெயில் எந்த செக்‌ஷனுக்குப் போவது என்று தெரியாமல் தபாலிலேயே கிடக்கும். அவளுடைய முதல் மெயிலுக்கு நேர்ந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது.

பொருள் வரியை மூன்று முறை மாற்றினாள். கடைசியில் நின்றது இது:

"பதிவு எண் ……, பி.எஸ்சி. கணினி அறிவியல், 6-ஆம் செமஸ்டர், ஏப்ரல் தேர்வு: முடிவு நிலுவைச் சான்று வேண்டி (ஜூன் 27-க்குள்)"

படிப்பவர் மெயிலைத் திறக்கும் முன்பே யார், எது, என்ன வேண்டும், எப்போதுக்குள் என்ற நான்கும் தெரிந்துவிடுகிறது. 'அவசரம்' என்ற சொல் எங்கும் இல்லை. தேதியே அவசரத்தைச் சொல்லிவிடும்.

உள்ளே அவள் எழுதியது:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் …… கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. பதிவு எண் ……. ஏப்ரல் பருவத் தேர்வில் ஆறாம் செமஸ்டரின் ஐந்து தாள்களையும் எழுதியுள்ளேன். கடைசித் தேர்வு மே 9. ஐந்தாம் செமஸ்டர் வரை எனக்கு நிலுவைத் தாள் எதுவும் இல்லை. எங்கள் பாடப்பிரிவுக்கு இன்று வரை முடிவு வெளியாகவில்லை.

வளாகத் தேர்வின் மூலம் எனக்குக் கிடைத்த வேலைக்கு, ஜூன் 27 மாலை 6 மணிக்குள் ஆவணம் தர வேண்டியுள்ளது. நிறுவனத்தின் மெயில் இணைப்பில் உள்ளது.

ஜூன் 24-க்குள் கீழ்க்கண்டவாறு ஒரு சான்று வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: நான் எல்லாத் தாள்களையும் எழுதியுள்ளேன், முந்தைய செமஸ்டர்களில் நிலுவை இல்லை, ஆறாம் செமஸ்டர் மதிப்பீடு நடைபெறுகிறது, முடிவு எதிர்பார்க்கப்படும் காலம். சான்றின் மாதிரி இணைப்பில் உள்ளது. நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம், தேர்வு நுழைவுச்சீட்டு, ஐந்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்."

கீழே பெயர், கைப்பேசி எண். அவ்வளவுதான்.

லாரிக் கடனை எடுத்துவிடச் சொன்னபோது அவளுக்கு மனசே இல்லை. "கஷ்டம் தெரிஞ்சாத்தானே செய்வாங்க?" என்றாள். கஷ்டம் தெரிந்தால் அந்த சீட்டில் இருப்பவர் வருத்தப்படுவார். வருத்தத்தை வைத்து அவரால் கோப்பு எழுத முடியாது. நிறுவனத்தின் மெயிலையும் முதல்வரின் கடிதத்தையும் வைத்து எழுத முடியும். அவள் ஆஃபர் கடிதத்தை இணைத்தபோது சம்பளம் இருந்த பக்கத்தை விட்டுவிடச் சொன்னேன். கெடுத் தேதி இருக்கும் பக்கம் போதும். பல கைகள் மாறும் தாளில் சம்பளம் எதற்கு?

சான்றின் மாதிரியை நாமே தட்டச்சு செய்து இணைத்தது முக்கியம். அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் புதிதாக வரைவது ஒரு வேலை. வந்த வரைவைத் திருத்துவது அதில் பாதி வேலை. மெயிலைத் தமிழில் எழுதலாம், தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதற்கு எந்தத் தடையும் இல்லை. சான்று மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதைப் படிக்கப்போகிறவர் பெங்களூரிலோ குருகிராமிலோ உட்கார்ந்திருப்பார்.

கெடு ஜூன் 27 என்றால் கேட்கும் தேதி ஜூன் 24. கடைசி நாளையே கேட்டால், சான்றில் ஓர் எண் தவறாக வந்தால் திருத்த நேரம் இருக்காது. அந்த மூன்று நாள் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

அதே இரவில் நிறுவனத்துக்கும் ஒரு மெயில் போனது. பல மாணவர்கள் இதைச் செய்வதில்லை. பல்கலைக்கழகம் பதில் தரட்டும், பிறகு எச்.ஆருக்குச் சொல்லலாம் என்று காத்திருந்து, கெடு நாளன்று மதியம் எழுதுகிறார்கள். தானாக அனுப்பப்படும் மெயிலில் இருக்கும் தேதியைப் பார்த்துப் பயந்து, கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கல்லூரி வளாகங்களில் ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு முடிவு தாமதம் ஒவ்வோர் ஆண்டும் வரும் விஷயம். அவர்கள் அறிய விரும்புவது இரண்டே: தாமதம் மாணவர் பக்கமா, பல்கலைக்கழகம் பக்கமா, எந்தத் தேதிக்கு ஆவணம் வரும்.

அதனால் அந்த மெயிலில் மூன்றே கேள்வி கேட்டோம். முடிவு வரும் வரை எந்தத் தாளை ஏற்பீர்கள்? கல்லூரி முதல்வரின் சான்று போதுமா, பல்கலைக்கழக முத்திரை வேண்டுமா? இத்தனை நாளுக்குள் மதிப்பெண் பட்டியல் தருகிறேன், தேர்ச்சி பெறாவிட்டால் பணி நியமனத்தை ரத்து செய்யலாம் என்று உறுதிமொழி தந்தால் ஏற்பீர்களா? மறுநாள் மாலையே பதில் வந்தது. பல்கலைக்கழகக் கடிதம் வேண்டும், கூடவே உறுதிமொழியும் வேண்டும், அவை இருந்தால் 30 நாள் அவகாசம். பல நிறுவனங்கள் முதல்வர் கையெழுத்தையே ஏற்றுக்கொள்ளும். இவர்கள் ஏற்கவில்லை. கேட்டதால்தான் அது தெரிந்தது.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சில நிறுவனங்களின் பட்டியலில் 'பட்டச் சான்றிதழ்' என்றே இருக்கும். அது பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு வருவது. தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008-ஆம் ஆண்டு விதி. ஆக, ஜூலையில் சேரும் எந்தப் புதிய பட்டதாரியிடமும் அது இருக்க வாய்ப்பில்லை. அந்தச் சொல்லைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தற்காலிகச் சான்று போதுமா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

ஜூன் 18 காலை கல்லூரிக்குப் போய் முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தை வாங்கினாள். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அவள் அந்தக் கல்லூரியின் மாணவி. முதல்வர் வழியாக வரும் தாள்தான் உரிய வழியில் வரும் தாள். அதை ஸ்கேன் செய்து சேர்த்தபின் பத்தே முக்காலுக்கு மெயில் போனது. 20-ஆம் தேதி வரை பதில் இல்லை. அன்று தேர்வுப் பிரிவுக்கு நானே போன் செய்தேன். மூன்றாவது முறைதான் சரியான செக்‌ஷன் கிடைத்தது. பேசியவர் கண்காணிப்பாளர், ஓர் அம்மையார். பதிவு எண்ணைச் சொன்னதும் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "மெயில் வந்திருக்கு சார், தபால் நம்பர் விழுந்திருக்கு. இந்தக் கோர்ஸ்ல ஒரு எலெக்டிவ் பேப்பர் இன்னும் முடியல. ரிசல்ட் தேதி என்னால சொல்ல முடியாது. லெட்டர் புட்-அப் பண்றேன்" என்றார். அந்தத் தபால் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அதன் பிறகு எந்த போனிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. எண்ணைச் சொன்னாலே போதும்.

அந்த அம்மையாரின் குரலில் அலட்சியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். களைப்பு இருந்தது. தேர்வுப் பிரிவு ஊழியர்கள் முடிவைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது. தாமதத்தின் வேர் பெரும்பாலும் அவர்களுக்கு மேலே இருக்கிறது: நிரப்பப்படாத ஆசிரியப் பணியிடங்கள், மதிப்பீட்டுக்கு ஆசிரியர்களை அனுப்பாத கல்லூரிகள், நேரத்துக்கு வராத உழைப்பூதியம். அந்த சீட்டில் இருப்பவரைத் திட்டி எழுதும் மெயில், திட்ட வேண்டியவர் கைக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

ஜூன் 23 மதியம் சான்று தயார் என்று போன் வந்தது. அண்ணனும் அவளும் பஸ் ஏறிப் போனார்கள். கவுன்ட்டரில் வாங்கி வெளியே வந்து பார்த்தால் பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. அப்படியே ஏற்றியிருந்தால் நிறுவனத்தின் சரிபார்ப்பில் 'பொருந்தவில்லை' என்று விழுந்திருக்கும். திரும்ப உள்ளே போனார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரி கிளம்பிவிட்டார். மறுநாள் மதியம் புதிய கடிதம் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குத் தளத்தில் ஏற்றினாள். 25-ஆம் தேதி எச்.ஆரிடமிருந்து இரண்டு வரிப் பதில்: ஏற்கப்பட்டது, ஜூலை 7 சேரலாம், ஆகஸ்ட் 6-க்குள் மதிப்பெண் பட்டியல் தர வேண்டும்.

பதிலே வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம்? அதற்கும் ஒரு பாதை வைத்திருந்தோம். மாணவர் குறைதீர்ப்புக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட விதிகளில், கல்வி நாள்காட்டியில் அறிவித்த காலத்தைத் தாண்டி முடிவைத் தாமதிப்பது 'குறை' என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. 15 வேலை நாள் என்பது மூன்று வாரம். பத்து நாளில் முடியும் கெடுவுக்கு அது உதவாது. ஆனாலும் இரண்டாவது நினைவூட்டலில் அந்த விதியை ஒரு வரி குறிப்பிட்டு, குழுவுக்கு நகல் போட்டால், கோரிக்கை அன்றிலிருந்து புகாராகிறது. முதல் மெயிலிலேயே விதியை எடுத்து வீச வேண்டாம் என்பது என் கருத்து. உதவ நினைப்பவரையும் அது தற்காப்புக்குத் தள்ளிவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்பார்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஏன் தாமதமானது என்று பின்னால் கேட்பதற்கு நல்ல கருவி. ஜூன் 27-க்கு ஆகாது. நுகர்வோர் நீதிமன்றக் கதவு இதற்குத் திறக்காது. தேர்வு நடத்துவது நுகர்வோர் சட்டம் சொல்லும் 'சேவை' ஆகாது என்று பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் 2009-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஒருவரின் முடிவை மட்டும் காரணமின்றி மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தால் அது பொருந்தும். மதிப்பீடே முடியாத தாளுக்கு நீதிமன்றமும் மதிப்பெண் போட முடியாது.

நிலுவைச் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அது தேர்ச்சிக்கு உத்தரவாதம் தராது. கடைசி செமஸ்டரில் ஒரு தாள் போய்விட்டால், உறுதிமொழியில் போட்ட கையெழுத்தே ஆஃபரை ரத்து செய்யப் போதும். தேர்வைச் சரியாக எழுதவில்லை என்று மனதுக்குத் தெரிந்தவர்கள் அதை நிறுவனத்திடம் மறைத்து அவகாசம் வாங்குவதைவிட, அரியரோடு சேர முடியுமா என்று இப்போதே கேட்பது நல்லது. சில நிறுவனங்கள் அடுத்த பேட்சுக்குத் தள்ளி வைக்கும், சில வைக்காது.

முடிவு ஜூலை 9 இரவு வெளியானது. அப்போது அவள் பயிற்சியில் மூன்றாவது நாள் முடித்திருந்தாள். எல்லாத் தாளிலும் தேர்ச்சி. மொத்தப் பேரையும் காக்க வைத்த அந்த விருப்பப்பாடத்தில் 62. அவள் வகுப்பில் வேறொரு நிறுவனத்தில் ஆஃபர் வைத்திருந்த ஒரு பையன், முடிவு வந்த பிறகுதான் எச்.ஆருக்கு முதன்முறையாக எழுதினான். அவன் இடம் அதற்குள் போய்விட்டது.

அவனை நினைத்துத்தான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நான்கு வாக்கியச் சான்று அது. மதிப்பீடு தள்ளிப்போகிறது என்பது உங்களுக்கு ஜூன் முதல் வாரமே தெரிந்துவிடுகிறது. அன்றே ஒரு பொது அறிவிப்பை, முடிவு எதிர்பார்க்கப்படும் வாரத்தோடு, முத்திரையிட்டு இணையதளத்தில் போடுங்கள். பாடப்பிரிவின் பெயர் அதில் இருந்தால் போதும். மாணவர்கள் அதைப் பதிவிறக்கி நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொள்வார்கள். உங்கள் செக்‌ஷனில் பல நூறு மெயில்கள் குறையும், பஸ் ஏறி வந்து கவுன்ட்டரில் நிற்பவர்களும் குறைவார்கள்.